பொய்ப் பதிவா, தாமதப் பதிவா? ஓர் இறுதி எழுத்து எச்சரிக்கைக்கு எதிரான மேல்முறையீடு

இங்கிலாந்தில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நடந்த நிகழ்வு இது. பணியாளரின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. அவரையோ இல்லத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. வாரக் கடைசியில் சமூகக் கூடத்தில் கடிதங்களுக்கு உதவுபவர் என்ற முறையில் மட்டுமே இதில் எனக்குப் பங்கு உண்டு.

பின்னணி

பணியாளர் நாற்பதுகளில் இருக்கும் தமிழ்ப் பெண். சுகாதாரம், பராமரிப்புப் பணியாளர்களுக்கான விசாவில் வந்து, அந்த இல்லத்தில் இரவுப் பணியில் பதினான்கு மாதங்களாக இருந்தவர். அதற்கு முன் அவர் மீது எந்த எச்சரிக்கையும் இல்லை.

இரண்டு காரணங்களால் அவர் நிலைமை பிறரைவிடக் கடினமானது. அப்போதிருந்த சட்டப்படி, நியாயமற்ற பணிநீக்கம் என்று தீர்ப்பாயத்துக்குப் போகப் பொதுவாக இரண்டு ஆண்டுப் பணி வேண்டும். அவருக்கு அது இல்லை. மேலும், வேலை போனால் விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி அதை உள்துறை அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்; அதன்பின் வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும். இறுதி எழுத்து எச்சரிக்கை என்பது பணிநீக்கத்துக்கு முந்தைய படி. அது நடைமுறையில் இருக்கும் காலத்தில் சிறு தவறு நேர்ந்தாலும் வேலை போகலாம். ஆகவே, நிறுவனத்துக்குள்ளேயே செய்யும் மேல்முறையீடுதான் அவருக்கு நடைமுறையில் திறந்திருந்த ஒரே கதவு.

எச்சரிக்கை வந்த விதம்

படுக்கையிலேயே இருக்கும் ஒரு முதியவரைப் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பராமரிப்பாளர்கள் சேர்ந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும். ஓர் அக்டோபர் காலையில் பகல் பணிக்கு வந்த செவிலியர் அந்த முதியவரின் இடுப்பில் சிவப்பைக் கண்டார். பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது இரவு 10, 12, 2, 4 மணி என நான்கு சுற்றுகளும் அதிகாலை 5:02க்கும் 5:09க்கும் இடையில் பதியப்பட்டிருந்தன.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் துணை மேலாளர் விசாரணைச் சந்திப்பு நடத்தினார். கால் மணி நேரத்தில் முடிந்தது. சில நாட்கள் கழித்து ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டத்துக்கான அழைப்புக் கடிதம் வந்தது. அதில் இருந்த குற்றச்சாட்டு ஒரே வரி: "பராமரிப்புப் பதிவுகளை உரிய நேரத்தில் செய்யாமை." துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று அதில் இருந்தது, யாரை அழைப்பது என்று தெரியாமல் அவர் தனியாகவே போனார். கூட்டத்தை நடத்தியவரும் அதே துணை மேலாளர். பதிவுகளின் அச்சுப் பிரதியும் செவிலியரின் அறிக்கையும் கூட்டம் தொடங்கிய பிறகுதான் மேசை மீது வைக்கப்பட்டன.

இருபத்தைந்தாம் நாள் முடிவுக் கடிதம் வந்தது. "செய்யாத பணியைச் செய்ததாகப் பதிந்தமை" நிரூபணமாகிவிட்டது என்றும், 12 மாதங்களுக்கு இறுதி எழுத்து எச்சரிக்கை விதிக்கப்படுகிறது என்றும் அதில் எழுதியிருந்தது. மேல்முறையீட்டை ஐந்து வேலை நாட்களுக்குள் வட்டார மேலாளருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அவர் எங்களிடம் வந்தது அதற்கடுத்த சனிக்கிழமை.

ஆவணங்களில் கண்டது

இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படித்ததும் முக்கியமான ஓட்டை தெரிந்தது. அழைப்பில் இருந்தது தாமதம். முடிவில் இருந்தது பொய். இவை ஒரே தவறின் சிறிய வடிவமும் பெரிய வடிவமும் அல்ல. தாமதமாகப் பதிந்தவர் வேலையைச் செய்திருக்கலாம். பொய்யாகப் பதிந்தவர் செய்யவில்லை. தாமதத்துக்கு விளக்கம் சொல்லவே அவர் தயாராகிப் போனார், அதையே சொல்லியும் இருக்கிறார். "நீங்கள் அறைக்குப் போகவே இல்லை" என்று அவரிடம் நேராக ஒருவரும் கேட்டதாகக் கூட்டக் குறிப்பில் இல்லை.

பிரிட்டனில் (வட அயர்லாந்து நீங்கலாக) இத்தகைய நடவடிக்கைகளுக்கு அளவுகோல், வேலைத் தகராறுகளில் ஆலோசனையும் சமரசமும் செய்யும் ஏகாஸ் அமைப்பின் நடைமுறைக் கோவை. குற்றச்சாட்டையும் அதன் சாத்தியமான விளைவையும் பணியாளர் பதில் தயாரிக்கும் அளவுக்கு விவரமாக எழுத்தில் தர வேண்டும், சாட்சி அறிக்கை உள்ளிட்ட எழுத்துச் சான்றுகளைப் பொதுவாக அந்த அறிவிப்போடே கொடுக்க வேண்டும், ஒழுங்கீன வழக்கில் முடிந்தவரை விசாரிப்பவரும் கூட்டத்தை நடத்துபவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மேல்முறையீட்டையும் முன்பு தொடர்பில்லாத மேலாளர் கேட்பதே முறை. இந்த இல்லத்தில் மூன்று மேலாளர்கள் இருந்தார்கள். இன்னொருவரை அமர்த்துவது முடியாத காரியமல்ல.

நடைமுறைப் பிழைகளைவிட என்னைக் கவர்ந்தது கோப்பில் இல்லாதவைதான். புரட்டிப் படுக்கவைக்க இருவர் வேண்டும். அப்படியானால் அந்த இரண்டாமவர் எங்கே? அவரிடம் ஒரு வரி வாக்குமூலம்கூட வாங்கப்படவில்லை. அடுத்து, அறைச் சுவரில் உள்ள அழைப்பு மணிப் பலகை. அறைக்குள் நுழையும் பணியாளர் அதில் 'ஆள் உள்ளே' என்ற பொத்தானை அழுத்த வேண்டும் என்பது இல்லத்தின் விதி; அழுத்திய நேரம் கணினியில் பதிவாகும். யார் அழுத்தினார் என்று அது சொல்லாது, ஆனால் அந்த அறைக்குள் அந்த நேரத்தில் பணியாளர் இருந்தாரா என்று சொல்லும். அதை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாவது, செயலியின் அச்சுப் பிரதி. அதில் 'பதிந்த நேரம்' என்ற ஒரு பத்தி மட்டுமே இருந்தது. செயலியிலோ 'செய்த நேரம்' என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. பணியாளர் அதை நிரப்பித்தான் சேமிக்க முடியும். அச்செடுத்தபோது அந்தப் பத்தி விடுபட்டிருந்தது.

நடைவழிக் கேமரா பற்றியும் கேட்டோம். அங்கே பதிவுகள் 14 நாளில் அழிந்துவிடும். கூட்டம் நடந்ததே இருபதாம் நாள்.

முதல் வரைவில் வெட்டியவை

பணியாளர் தாமே எழுதி வந்த வரைவு நான்கு பக்கம். கோபமும் பயமும் கலந்த கடிதம். கோபத்துக்கு நியாயமும் இருந்தது. ஆனால் அதைப் படிக்கப் போகிறவர் அந்த இல்லத்துக்கு வெளியிலிருந்து வரும் வட்டார மேலாளர். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதைச் சரிபார்க்க அவர் எந்த ஆவணத்தைத் திறப்பார் என்று கேட்டோம். திறக்க ஆவணம் இல்லாத வரிகளை வெட்டினோம்.

துணை மேலாளருக்குத் தம் மீது தொடக்கம் முதலே வெறுப்பு என்ற பகுதி முதலில் போனது. பாகுபாடு நடந்தது என்று அவர் உண்மையில் நம்பினால் அது நாள், சம்பவம், சாட்சியோடு தனி முறைப்பாடாகப் போக வேண்டிய விஷயம். மேல்முறையீட்டில் ஒரு வரியாகச் செருகினால் இரண்டும் கெடும். யோசித்துப் பார்த்து அவர் அதைத் தொடரவில்லை. விசாவைப் பற்றிய வேண்டுகோளும் போனது. அது மனதை உருக்கும், ஆனால் பதிவு பொய்யா என்ற கேள்விக்கு அது பதிலல்ல.

வெட்டுவதற்கு அவர் மிகவும் தயங்கியது, "கூடவே இருந்த சக பணியாளர் மேல் நடவடிக்கை இல்லாதபோது என் மேல் மட்டும் ஏன்?" என்ற கேள்வி. கேட்கத் தூண்டும் கேள்விதான். ஆனால் அந்தச் சக பணியாளர்தான் அவருடைய ஒரே சாட்சி. அவரைக் குற்றவாளிக் கூண்டுக்கு இழுத்தால் வாயைத் திறப்பாரா?

எடுத்த முடிவுகள்

மறுக்க முடியாததை முதலிலேயே ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்தோம். நான்கு பதிவுகளும் 5 மணிக்குப் பிறகுதான் செய்யப்பட்டன. அந்தப் பகுதியில் வைஃபை அடிக்கடி அறுந்துவிடும் என்பது உண்மை. இருந்தாலும், செயலி வேலை செய்யாவிட்டால் காகிதப் படிவத்தில் எழுத வேண்டும் என்ற விதியும் உண்டு, அவர் எழுதவில்லை. இதை மறைத்திருந்தால் கடிதத்தின் மற்ற வரிகளையும் வட்டார மேலாளர் சந்தேகத்தோடுதான் படித்திருப்பார்.

அடுத்த முடிவு, நடைமுறைப் பிழைகளைப் பட்டியலாகப் போடாமல் ஒவ்வொன்றையும் முடிவோடு கட்டுவது. பலரும் தவறுவது இங்கேதான். "கோவையை மீறிவிட்டீர்கள்" என்று மட்டும் எழுதினால், மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் மறுபடி முறையாகக் கேட்டுவிட்டு அதே எச்சரிக்கையை நிறுவனம் உறுதிசெய்துவிடலாம். முதல் கட்டத்துக் குறையை முழுமையான மேல்முறையீடு சரிசெய்துவிட முடியும் என்பது இங்கே நீதிமன்றங்கள் 2006இலேயே ஏற்ற நிலைப்பாடு. ஆகவே, இந்தப் பிழை நடந்திராவிட்டால் எந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கும், எந்தச் சான்று பார்க்கப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும்.

'நிரூபிக்கவில்லை' என்ற சொல்லையும் தவிர்த்தோம். முதலாளி குற்றவியல் நீதிமன்றம் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. 1978இல் ஒரு கடை ஊழியர் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல்தான் பணிநீக்க வழக்குகளில் இன்றும் செல்கிறது: முதலாளிக்கு உண்மையான நம்பிக்கை இருக்க வேண்டும், அதற்கு நியாயமான ஆதாரம் வேண்டும், நியாயமான அளவு விசாரித்திருக்க வேண்டும். எங்கள் வாதம் அந்த மூன்றாவதில்தான் நின்றது. அதனால் கடிதத்தில் "இது பார்க்கப்படவில்லை" என்ற தொடர் பலமுறை வந்தது; "நீங்கள் தவறு" என்பது ஒருமுறையும் வரவில்லை.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்று அவர் பயந்தார். ஏகாஸின் வழிகாட்டி அப்படிக் கூட்டக் கூடாது என்கிறது. ஒரு மருத்துவமனை அறக்கட்டளையின் மருத்துவர் இறுதி எழுத்து எச்சரிக்கைக்கு எதிராக மேல்முறையிட்டபோது, நிர்வாகம் தண்டனையைப் புதிதாகத் தீர்மானிக்க முயன்றது; அவருடைய ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. ஒப்பந்தம்தான் முடிவு செய்யும் என்பதால் இந்த இல்லத்தின் பணியாளர் கையேட்டைத் திறந்து பார்த்தோம். மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டலாம் என்று எங்கும் இல்லை.

கடிதம்

ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கத்துக்குள் முடிந்தது. முக்கியமான பகுதிகளின் தமிழ் வடிவம் இது:

> எனக்கு விதிக்கப்பட்ட இறுதி எழுத்து எச்சரிக்கைக்கு எதிராக மேல்முறையீடு செய்கிறேன். அன்றிரவு நான்கு பதிவுகளையும் அதிகாலை 5 மணிக்குப் பிறகே செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவை உடனுக்குடன் செய்யப்பட்டிருக்க வேண்டும். பணியைச் செய்யாமலேயே பதிந்தேன் என்ற முடிவை ஏற்கவில்லை.
>
> அழைப்புக் கடிதத்தில் எனக்குத் தெரிவிக்கப்பட்ட குற்றச்சாட்டு பதிவுகளை உரிய நேரத்தில் செய்யாமை. முடிவுக் கடிதத்தில் இருப்பது வேறு குற்றச்சாட்டு. முன்பே தெரிவித்திருந்தால், அன்று என்னுடன் பணி செய்த சக பணியாளரிடம் கேட்கும்படியும் அழைப்பு மணிப் பதிவை எடுக்கும்படியும் கூட்டத்துக்கு முன்பே கோரியிருப்பேன்.
>
> பதிவுகளின் அச்சுப் பிரதி கூட்டத்தில்தான் எனக்குக் காட்டப்பட்டது. அதில் 'செய்த நேரம்' என்ற பத்தி இல்லை என்பதை அந்தச் சில நிமிடங்களில் நான் கவனிக்க முடியவில்லை. முழுப் பதிவையும் மாற்ற வரலாற்றோடு பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> விசாரித்தவரும் முடிவெடுத்தவரும் ஒருவரே. அவருடைய நேர்மையை நான் கேள்வி கேட்கவில்லை. வேறொருவர் கோப்பைப் படித்திருந்தால், இருவர் செய்யும் பணிக்கு ஒருவரிடம் மட்டும் கேட்கப்பட்டிருப்பது கண்ணில் பட்டிருக்கும் என்றே சொல்கிறேன்.
>
> பொய்ப் பதிவு என்ற முடிவை நீக்குமாறு கோருகிறேன். தாமதத்துக்கு நடவடிக்கை தேவை என்று கருதினால், முன் எச்சரிக்கை எதுவும் இல்லாத என் பணிப் பதிவைக் கணக்கில் கொண்டு அதற்குரிய அளவில் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிப் பத்தியில் மாற்று முடிவைச் சொல்லலாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. எல்லாவற்றையும் ரத்து செய்யக் கேட்பதே வலிமை என்றார் உடனிருந்த இன்னொரு தன்னார்வலர். நான் ஒப்பவில்லை. எச்சரிக்கையை அப்படியே வைப்பது அல்லது முழுதாகத் தூக்குவது என்ற இரண்டே வழிகளைக் கொடுத்தால், சிவந்த இடுப்போடு ஒரு முதியவர் இருக்கும் வழக்கில் மேலாளர் எதைத் தேர்வார் என்று ஊகிப்பது கடினமல்ல. இறங்கி வர அவருக்கு ஒரு படி வேண்டும்.

கடிதத்தோடு அழைப்புக் கடிதமும் முடிவுக் கடிதமும் மாறிய வரிகள் கோடிடப்பட்டு இணைக்கப்பட்டன. செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் போனது. கெடுவுக்கு இன்னும் நேரம் இருந்தது.

மேல்முறையீட்டுக் கூட்டம்

என்னால் உள்ளே போக முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை தொழிற்சங்கப் பிரதிநிதி அல்லது சக பணியாளரைத் துணைக்கு அழைப்பதற்குத்தான். சமூகக் கூடத்து ஆள் அதில் வரமாட்டார். தொழிற்சங்கங்களோ பொதுவாகச் சேர்வதற்கு முன்பே தொடங்கிவிட்ட பிரச்சினையை எடுப்பதில்லை. இல்லத்தின் சமையல்காரர் துணைக்குப் போகச் சம்மதித்தார். துணையாகப் போகிறவர் பேசலாம், தொகுத்துச் சொல்லலாம், ஆனால் பணியாளரிடம் கேட்கும் கேள்விக்கு அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது. இதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம்.

வட்டார மேலாளர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் கூட்டத்தை ஒத்திவைத்து, அழைப்பு மணிப் பதிவையும் செயலியின் முழுப் பதிவையும் வரவழைத்தார். சக பணியாளரிடம் தனியாக வாக்குமூலம் வாங்கினார்.

மணிப் பதிவில் அந்த அறையில் இரவு 10:04, 12:11, 2:08 என்று மூன்று முறை பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது. 4 மணிச் சுற்றுக்கு எதுவும் இல்லை. அப்போது பக்கத்து அறையில் மணி ஒலித்துக்கொண்டிருந்ததால் அவசரத்தில் அழுத்தவில்லை, ஆனால் புரட்டிவிட்டோம் என்றார் சக பணியாளர். பக்கத்து அறை மணி 3:58க்கு ஒலித்தது பதிவில் இருந்தது. அது அவர் சொன்னதோடு ஒத்துப்போகிறது. நான்காம் சுற்று நடந்ததற்குச் சான்று ஆகாது. செயலியில் 'செய்த நேரம்' தனியாக நிரப்பப்பட்டிருந்தது. அதுவும் பணியாளரே தட்டிய நேரம் என்பதால் தன்னளவில் எதையும் உறுதிசெய்யாது. தாமதத்தை அவர் மறைக்க முயலவில்லை என்பதை மட்டும் காட்டும்.

முடிவு

பதினாறு நாட்கள் கழித்து முடிவு எழுத்தில் வந்தது. பொய்ப் பதிவு என்ற முடிவு நீக்கப்பட்டது. மூன்று சுற்றுகள் நடந்தது தெளிவு, நான்காவதை இல்லை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது காரணம். இறுதி எச்சரிக்கைக்குப் பதிலாக, தாமதப் பதிவுக்காக ஆறு மாதங்களுக்கு முதல் எழுத்து எச்சரிக்கை. வைஃபை பற்றிப் பழுதுபார்ப்புக் குறிப்பேட்டில் செப்டம்பரிலேயே இரண்டு புகார்கள் இருந்ததைக் கடிதம் ஏற்றது. காகிதப் படிவம் கைவசம் இருந்ததையும் சேர்த்தே சொன்னது. விசாரித்தவரே முடிவெடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பணியாளருக்கு இதில் முழு நிறைவு இல்லை. எச்சரிக்கையே இருந்திருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். தாமதத்தை ஒப்புக்கொண்ட பிறகு அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்பது என் கணிப்பு. அந்த ஆறு மாதமும் வேறு பிரச்சினை இல்லாமல் கழிந்தது. அவர் அங்கேயே வேலையில் இருக்கிறார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சான்றுகளைப் பாதுகாத்து வைக்கக் கோரும் மின்னஞ்சல் விசாரணைச் சந்திப்பு நடந்த அன்றே போக வேண்டும். ஒன்பதாம் நாள் அந்த நடைவழிக் கேமராப் பதிவு இருந்தது. "அன்றிரவு 8 முதல் காலை 8 வரையிலான கேமராப் பதிவையும் அழைப்பு மணிப் பதிவையும் அழியாமல் எடுத்து வையுங்கள்" என்ற ஒரே வாக்கியம் அன்று போயிருந்தால், நான்காம் சுற்றைப் பற்றி யாரும் ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. தம்மைப் பற்றிய தரவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உண்டு. ஆனால் அதற்குப் பதிலளிக்க நிறுவனத்துக்கு ஒரு மாதம் உண்டு என்பதால் ஐந்து நாள் கெடுவுக்கு அது உதவாது. கோரிக்கையை அனுப்பிவிட்டு, சான்று வரட்டும் என்று மேல்முறையீட்டை நிறுத்தி வைக்கக் கூடாது.

இப்போது எங்களிடம் வருபவர்களிடம் முடிவுக் கடிதத்துக்கு முன் அழைப்புக் கடிதத்தைக் கேட்கிறோம். பலர் அதைக் கொண்டு வருவதில்லை. அந்தப் பணியாளரும் முதலில் கொண்டு வரவில்லை. வீட்டுக்குப் போய் எடுத்து வந்த பிறகுதான் வேலை தொடங்கியது.